சேமிக்காத எண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்ப wa.me: நாட்டுக் குறியீடும் முன்னால் வரும் பூஜ்யமும்

வேலை காரணமாக எனக்கு அடிக்கடி புது எண்களோடு பேச வேண்டியிருக்கிறது. ஒரே ஒரு விவரம் கேட்பதற்காக ஒருவரைத் தொடர்புப் பட்டியலில் சேர்ப்பதும் அப்புறம் நீக்குவதும் வீண் வேலை. அதனால் வாட்ஸ்அப்பே தரும் wa.me இணைப்பைத்தான் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். பிரவுசரின் முகவரிப் பட்டியில் இப்படி அடித்தால் போதும், அந்த எண்ணோடு உரையாடல் திறக்கும்:

```
https://wa.me/447700900123
```

தனியாக எந்தச் செயலியும் வேண்டாம். ஆனால் எண்ணை எழுதும் விதத்தில் இது கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. "இணைப்பு வேலை செய்யவில்லை" என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குச் சிக்கல் நாட்டுக் குறியீட்டில் இருக்கும், இல்லாவிட்டால் முன்னால் வரும் பூஜ்யத்தில் இருக்கும்.

காரணம் எளிமையானது. தொடர்புப் பட்டியலில் உள்ளூர் எண்ணைக் குறியீடு இல்லாமல் சேமித்தாலும், நம் நாட்டு எண்ணாக எடுத்துக்கொண்டு வாட்ஸ்அப் சமாளித்துவிடும். wa.me அப்படி எதையும் ஊகிப்பதில்லை. முதலில் வரும் இலக்கங்களையே நாட்டுக் குறியீடாகப் படிக்கும். 98-இல் தொடங்கும் இந்திய எண்ணை 91 போடாமல் அடித்தால், அது ஈரான் எண்ணாகிவிடும்; 94-இல் தொடங்கினால் இலங்கை. பெரும்பாலும் இலக்கங்களின் எண்ணிக்கை பொருந்தாமல் எண் தவறு என்று செய்தி வரும். அது நல்லதுதான். 65-இல் தொடங்கும் எண்ணில்தான் உண்மையான அபாயம். 65 சிங்கப்பூரின் குறியீடு, மீதமிருக்கும் 8 இலக்கங்கள் அங்குள்ள எண்ணின் நீளத்துக்கும் சரியாகப் பொருந்தும். சம்பந்தமே இல்லாத ஒருவருக்கு நம் செய்தி போய்விடக்கூடும்.

அடுத்தது பூஜ்யம். உள்நாட்டுக்குள் அழைக்கும்போது முன்னால் போடுகிற 0, எண்ணின் பகுதி அல்ல. வெளிநாட்டு வடிவத்தில் அது விழுந்துவிடும். பிரிட்டன் எண்களைப் பல இணையதளங்களில் இப்படிப் போட்டிருப்பார்கள்:

```
+44 (0)7700 900123
```

அடைப்புக்குள் இருக்கும் பூஜ்யம் உள்ளூர்க்காரர்களுக்கானது. இதை அப்படியே நகலெடுத்து, குறிகளை மட்டும் நீக்கினால் 4407700900123 என்று 13 இலக்கங்கள் வரும், இணைப்பு திறக்காது. பூஜ்யத்தையும் எடுத்தால் 447700900123, 12 இலக்கங்கள். இதுதான் சரி. கூட்டல் குறி, இடைவெளி, கோடு, அடைப்பு எதுவும் தேவையில்லை. வெளிநாட்டுக்கு அழைக்கப் போடும் 00-உம் வேண்டாம். 0044 என்று தொடங்கினால் அதுவும் தவறுதான்.

நான் எப்போதும் இலக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டே அனுப்புவேன். கைபேசி எண் என்றால், குறியீட்டையும் சேர்த்து இந்தியாவுக்கு 12, இலங்கைக்கு 11, சிங்கப்பூருக்கு 10. ஒன்று கூடினால் பெரும்பாலும் பூஜ்யம் உள்ளே புகுந்திருக்கும்.

மலேசிய எண்களில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். அங்கே குறியீடு 60. ஆனால் 012 என்று தொடங்கும் எண்ணின் முன்னால் 6 மட்டும் சேர்த்து எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. 6012 என்று வருவதால் விடை சரியாகவே அமைந்துவிடுகிறது. "பூஜ்யத்தை எடு" என்ற விதியை அரைகுறையாகக் கேட்ட ஒருவர் இங்கே கை வைத்தால் 612 ஆகிவிடும். 61 ஆஸ்திரேலியா. இன்னொருவர் 60-உம் போட்டு 012-உம் போட்டு 60012 ஆக்குவார். இரண்டும் திறக்காது.

விதிக்கு விலக்கும் உண்டு. இத்தாலியின் தரைவழி எண்களில் முன்னால் வரும் 0 எண்ணின் பகுதியே, அதை எடுக்கக் கூடாது. தரைவழி எண்ணிலேயே வாட்ஸ்அப் பிசினஸ் வைத்திருக்கும் ரோம் நகர நிறுவனம் என்றால் 3906 என்றே தொடங்க வேண்டும். அர்ஜென்டினா கைபேசிக்கு வேறு மாதிரி: 54-க்குப் பின் 9 சேர்க்க வேண்டும், உள்ளூரில் இடையே எழுதும் 15-ஐ விட்டுவிட வேண்டும்.

பிழைச் செய்தியை வாசித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். எண்ணே செல்லாது என்று வந்தால் வடிவத்தைப் பாருங்கள். அந்த எண் வாட்ஸ்அப்பில் இல்லை என்று வந்தால் வடிவம் சரியாக இருக்கலாம். அவர் வேறு எண்ணில் வாட்ஸ்அப் வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். உரையாடல் திறந்துவிட்டாலும், மேலே தெரியும் முழு எண்ணை ஒருமுறை ஒப்பிட்டுவிட்டுத்தான் நான் அனுப்பும் பொத்தானைத் தொடுவேன்.