சராசரி விலையா, வரிசைக் கணக்கா?

நிதியாண்டு முடிவில் பங்கு வர்த்தகப் பதிவேட்டிலிருந்து லாபத்தைக் கணக்கிட, ஸ்ப்ரெட்ஷீட்டில் சராசரி விலை போடுவது ஒரு வழி. ஒவ்வொரு கொள்முதலையும் தனி லாட்டாக வரிசையில் வைத்து, விற்பனை வரும்போதெல்லாம் முன்னால் இருப்பதிலிருந்து கழிக்கும் சிறு ஸ்கிரிப்ட் எழுதுவது மற்றொன்று.

2023 ஜூனில் தலா 200 ரூபாய்க்கு 100 பங்குகளும், 2024 பிப்ரவரியில் தலா 300 ரூபாய்க்கு 50 பங்குகளும் வாங்கிய ஒருவர், 2025 ஜனவரியில் 120 பங்குகளைத் தலா 400 ரூபாய்க்கு விற்கிறார் என்று கொள்வோம். சராசரிக் கணக்கு 20,000 ரூபாய் லாபம் என்கிறது. வரிசைக் கணக்கோ 22,000 என்கிறது. அதில் முதல் லாட்டின் 20,000 நீண்ட கால ஆதாயம், அடுத்த லாட்டிலிருந்து எடுத்த 20 பங்குகளின் 2,000 குறுகிய கால ஆதாயம்.

டீமேட் பங்குகளுக்கு இந்திய வருமான வரிச் சட்டம் கேட்பது முதலில் வாங்கியது முதலில் விற்றதாகக் கொள்ளும் முறையைத்தான், அதுவும் ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனியாக. சராசரியில் தொகை பிசகுவதைவிட, வாங்கிய தேதி தொலைந்துபோவதே எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. வரி விகிதமே அதை வைத்துத்தான் முடிவாகிறது.

ஸ்கிரிப்டும் ஓரிடத்தில் சறுக்கும். போனஸ் பங்குகள் வர்த்தகப் பதிவேட்டில் வருவதில்லை. ஒதுக்கீட்டுத் தேதியோடு, பூஜ்ய விலையில், நாமே ஒரு லாட்டாகச் சேர்க்க வேண்டும். மார்ச் 31 அன்று வரிசையில் மிஞ்சும் எண்ணிக்கை டீமேட் அறிக்கையோடு பொருந்தாவிட்டால், முதலில் தேட வேண்டியது இதைத்தான்.