சன்ஸ்கிரீன்: ஸ்ப்ரேயா, லோஷனா? குழந்தைக்கு எதை, எவ்வளவு, எப்படி

ஒரே கம்பெனி எஸ்.பி.எஃப். 50 லோஷனும் விற்கும், எஸ்.பி.எஃப். 50 ஸ்ப்ரேயும் விற்கும். வெயிலைத் தடுக்கும் சரக்கு இரண்டிலும் பெரும்பாலும் ஒன்றுதான். அதில் எவ்வளவு தோலில் போய் உட்காருகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. 'ஸ்ப்ரே அடித்தும் பிள்ளை கறுத்துப்போய் வந்தானே' என்ற குறைக்குக் காரணம் பெரும்பாலும் இந்த அளவுதான்.

டப்பாவில் இருக்கும் அந்த 50 எப்படி வந்தது என்று தெரிந்தால் மீதி எளிதாகப் புரியும். சோதனைக்கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்று எடைபோட்டு, விரலால் சீராகப் பூசி அளக்கிறார்கள். கேஸ் அடைத்த ஸ்ப்ரேயையும் காற்றில் அடித்துச் சோதிப்பதில்லை. கேஸ் போனபின் மிஞ்சும் திரவத்தை அதே 2 மில்லிகிராம் கணக்கில் பூசித்தான் சோதிக்கிறார்கள். ஆகவே எஸ்.பி.எஃப். 50 என்பது அந்தக் கனத்தில் பூசினால் கிடைக்கும் பாதுகாப்பு. வீட்டில் நாம் பூசுவது பொதுவாக அதில் பாதியோ, அதற்கும் கீழோதான். கனம் பாதியானால் பாதுகாப்பும் ஏறக்குறைய பாதியாகிறது, சில நேரம் அதைவிடவும் குறைகிறது.

ஐந்து வயதுக் குழந்தைக்கு எத்தனை கிராம்?

110 சென்டிமீட்டர் உயரம், 18 கிலோ எடையுள்ள ஐந்து வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். உடம்பின் மொத்தத் தோல் பரப்பு சுமார் 7,400 சதுர சென்டிமீட்டர். காலை பத்து மணிக்கு நீச்சல் குளத்துக்குப் போகிறது. முழங்கை வரை கை வைத்த நீச்சல் சட்டையும் முழங்கால் வரை டிரவுசரும் போட்டிருக்கிறது. வெளியே தெரிவது முகம், காது, கழுத்து, முழங்கைக்குக் கீழே கைகள், முழங்காலுக்குக் கீழே கால்களும் பாதங்களும். இது மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், ஏறக்குறைய 2,700 சதுர சென்டிமீட்டர். இரண்டு மில்லிகிராமால் பெருக்கினால் ஐந்தரை கிராம் வருகிறது.

சட்டை இல்லாமல் வெறும் ஜட்டியோடு இறங்கினால் அதே குழந்தைக்குப் பன்னிரண்டு கிராம் வரை தேவை. ஒரு நீச்சல் சட்டை பாதிக்கு மேல் வேலையை எடுத்துக்கொள்கிறது. அது வழிந்து போகாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசவும் வேண்டாம். ஸ்ப்ரேயா லோஷனா என்று யோசிக்கும் முன் அந்தச் சட்டையை வாங்குங்கள்.

லோஷனில் எங்கே தப்பு நடக்கிறது

ஐந்தரை கிராமை லோஷனில் அளப்பது சுலபம். சிரப் பாட்டிலோடு வரும் அளவு மூடியில் 5 மில்லி கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்குச் சற்று மேலே வரும்வரை பிழிந்தால் கணக்கு சரி. முதல் முறை செய்பவர்களுக்கு 'இவ்வளவா?' என்று தோன்றும். இந்த அளவில் பூசினால் 50 மில்லி ட்யூப் ஒன்பது தடவைக்குத்தான் வரும். ஒரே ட்யூப் இரண்டு வருஷமாகத் தீராமல் இருக்கிறது என்றால், பூசிய அளவு போதவில்லை என்று அர்த்தம்.

அளந்ததை ஒரே இடத்தில் கொட்டித் தேய்க்கக் கூடாது. கை, கால் ஒவ்வொன்றிலும் புள்ளி புள்ளியாக வைத்துவிட்டுப் பிறகு பரப்ப வேண்டும். அப்படி இல்லாவிட்டால் முதலில் கை பட்ட இடத்திலேயே பாதி தங்கிவிடும், கணுக்காலுக்கு வரும்போது உள்ளங்கையில் வெறும் பிசுபிசுப்புதான் மிஞ்சும். காது மடல், பின்கழுத்து, முழங்காலின் பின்பக்கம், பாதத்தின் மேற்புறம் ஆகிய நாலும் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள்.

வெயிலில் இறங்க 15 நிமிடம் இருக்கும்போதே பூசி முடித்துவிட வேண்டும். லோஷனின் பெரிய எதிரி ஒரு இடத்தில் நிற்காத பிள்ளைதான். நனைந்த தோலிலும் மணல் ஒட்டிய காலிலும் தேய்த்தால் அழுகை வரும். அதனாலேயே மறுபூச்சு தள்ளிப்போகும். ஸ்ப்ரே இந்த இடத்தில்தான் உள்ளே வருகிறது.

ஸ்ப்ரே சீராக மூடுமா?

ஸ்ப்ரேயில் இரண்டு ஜாதி உண்டு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம். ஒன்று, விரலால் அமுக்க அமுக்கத் துளித்துளியாகத் தெளிக்கும் பம்ப் ஸ்ப்ரே. இன்னொன்று, பாடி ஸ்ப்ரே மாதிரி பொத்தானை அழுத்திப் பிடித்தால் 'உஸ்' என்று புகையாக வரும் ஏரோசால் கேன். பம்ப் ஸ்ப்ரேயில் கேஸ் இல்லை, துளியும் பெரிது. ஏரோசாலில் பியூட்டேன், புரோப்பேன் போன்ற கேஸும், பெரும்பாலும் ஆல்கஹாலும் இருக்கும்.

ஏரோசால் எவ்வளவு தருகிறது என்று பார்க்கச் சமையலறைத் தராசு போதும். கேனை எடை பாருங்கள். குழந்தைக்கு வழக்கம்போல அடித்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். 6 கிராம் குறைந்திருக்கிறது என்று வையுங்கள். பார்க்கும்போது தேவையான ஐந்தரை கிராமைத் தாண்டிவிட்டது போலத் தெரியும். ஆனால் கேனிலிருந்து வெளியே வருவதில் பாதி வரைகூடக் கேஸாக இருக்கலாம், அது தோலில் நிற்காது. மிச்சம் 3 கிராம். அதிலும் ஒரு பங்கு கை விளிம்பைத் தாண்டிக் காற்றோடு போய்விடும், கடற்கரைக் காற்றில் அந்தப் பங்கு மிகப் பெரிது. ஆக, தோலுக்கு வந்து சேர்ந்தது தேவையில் பாதிகூட இல்லை. அதே ஐந்தரை கிராம் தோலில் நிற்க வேண்டுமானால் 15 கிராமுக்குக் குறையாமல் அடிக்க வேண்டிவரும். 100 கிராம் கேன் ஆறு தடவையில் காலி. ஆஸ்திரேலியப் புற்றுநோய் கவுன்சில் ஏரோசால் சன்ஸ்கிரீனைப் பரிந்துரைப்பதில்லை.

அளவு போதாதது ஒரு பக்கம், எங்கே படவில்லை என்று கண்ணுக்குத் தெரியாதது இன்னொரு பக்கம். மாநிறத் தோலில் லோஷன் முதலில் வெள்ளையாகத் தெரியும், விட்டுப்போன இடம் கண்ணில் படும். நிறமற்ற ஸ்ப்ரே நொடியில் காய்ந்துவிடுகிறது. கேனை ஓட்டிய கோட்டில் கனமாகவும், கோட்டுக்குக் கோடு நடுவில் மெலிசாகவும் விழுந்திருப்பதை மாலையில்தான் தெரிந்துகொள்வோம். நம் தோலில் வெயில் சுட்டால் சிவப்பு பளிச்சென்று தெரியாமல் போகலாம். தொட்டால் சூடாக இருப்பது, இழுத்துப் பிடிப்பது, சட்டை உரசினால் எரிவது, மறுநாள் அந்த இடம் மட்டும் பட்டையாகக் கறுத்திருப்பது ஆகியவையே அடையாளங்கள். பட்டை பட்டையாகக் கறுத்திருந்தால் ஸ்ப்ரே சரியாகப் படவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

ஸ்ப்ரேயைச் சீராக்க ஒரே வழி கைதான். லேபிளில் சொன்ன தூரத்தில் பிடித்து, மெதுவாக நகர்த்தி, தோல் முழுதும் ஈரமாகப் பளபளக்கும்வரை அடிக்க வேண்டும். காய்வதற்குள் உள்ளங்கையால் தேய்க்க வேண்டும். அதே இடத்தில் இரண்டாம் முறை அடித்து மறுபடி தேய்க்க வேண்டும். ஒரு காலை முடித்துவிட்டுத்தான் அடுத்த காலுக்குப் போக வேண்டும். உடம்பு முழுதும் அடித்துவிட்டுப் பிறகு தேய்க்கலாம் என்றால் அதற்குள் காய்ந்துவிடும்.

பம்ப் ஸ்ப்ரேயில் இந்தத் தலைவலி குறைவு. வீட்டில் ஒருமுறை அதே சிரப் மூடிக்குள் அமுக்கிப் பாருங்கள், 5 மில்லி நிறைய எத்தனை அமுக்கு ஆகிறது என்று எண்ணிப் பாட்டிலில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். எண்ணிக்கை பாட்டிலுக்குப் பாட்டில் மாறும். எண்ணியவர்கள் பலர் தாங்கள் இதுவரை அடித்தது அதில் நாலில் ஒரு பங்கு என்று கண்டு திகைப்பதுண்டு.

எங்கள் தீர்ப்பு இது. வீட்டிலிருந்து கிளம்பும் முன் பூசும் முதல் பூச்சு லோஷனாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து வந்து துண்டால் துடைத்தபிறகும் போடும் மறுபூச்சுக்குக் கை கால்களில் பம்ப் ஸ்ப்ரே அடித்துத் தேய்க்கலாம். தேய்க்க விடாத பிள்ளைக்கு மறுபூச்சே இல்லாமல் போவதைவிட இது எவ்வளவோ மேல். ஏரோசாலைச் சிறு குழந்தைகளுக்கு வாங்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்கு லோஷன், ஸ்ப்ரே எதுவுமே வேண்டாம், நிழலும் துணியும் தொப்பியும்தான்.

குழந்தை பக்கத்தில் இருக்கும்போது

ஸ்ப்ரேயைக் குழந்தையின் முகத்தில் நேராக அடிக்கவே கூடாது. 'மூச்சைப் பிடி, கண்ணை மூடு' என்றால் நாலு வயதுப் பிள்ளை பயந்துபோய் அடிக்கிற அந்த நொடியில்தான் மூச்சை இழுக்கும். துளி எவ்வளவு சின்னதோ அவ்வளவு ஆழமாக நுரையீரலுக்குள் போகும். இந்தக் காரணத்தால்தான் ஐரோப்பிய யூனியனில் வெயிலைத் தடுக்கும் பொடிகளான டைட்டானியம் டையாக்சைடையும் ஜிங்க் ஆக்சைடையும் நானோ அளவில் மூச்சுக்குள் போகக்கூடிய ஸ்ப்ரேக்களில் சேர்க்க அனுமதி இல்லை. ஆஸ்துமா, வீசிங் உள்ள பிள்ளைக்கு ஏரோசால் அறவே கூடாது.

முகத்துக்கு ஸ்ப்ரேதான் கையில் இருக்கிறது என்றால், பிள்ளையை விட்டு இரண்டடி தள்ளித் திரும்பி நின்று உங்கள் உள்ளங்கையைக் குழித்து அதில் அடியுங்கள். பிறகு நெற்றி, கன்னம், மூக்கு, காது என்று தடவுங்கள். கண்ணிமையை விட்டுவிடுங்கள், அதைத் தொப்பி விளிம்பு பார்த்துக்கொள்ளும். எதை அடித்தாலும் திறந்த வெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து குழந்தையின் பக்கவாட்டில் போகும்படி நில்லுங்கள். பாத்ரூமிலும் கண்ணாடி ஏற்றிய காரிலும் அடிக்கக் கூடாது. தம்பி தங்கை பக்கத்தில் நின்றால் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சிராய்ப்பு, கரப்பான், கொசு கடித்துச் சொறிந்த புண் இருந்தால் ஆல்கஹால் எரியும், அங்கே லோஷன்தான்.

அடுத்தது நெருப்பு. சன்ஸ்கிரீன் ஸ்ப்ரே அடித்தவர்கள் தீப்பற்றிக் கடுமையாகக் காயமடைந்த ஐந்து சம்பவங்களைச் சொல்லி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-இல் எச்சரித்தது. சிகரெட் பற்றவைத்தது, மெழுகுவர்த்தி பக்கத்தில் நின்றது, பார்பிக்யூ அடுப்பருகே போனது, வெல்டிங் வைத்தது போன்றவை தீப்பொறிக்குக் காரணம். ஏற்கெனவே தோலில் அடித்திருந்தவர்களுக்குத்தான் இது நடந்தது. ஆகவே ஸ்ப்ரே அடித்த பிள்ளையைப் பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு, சோளம் சுடும் தள்ளுவண்டி இவற்றின் பக்கம் விடாதீர்கள்.

கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்க விடாமல் வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், அதற்குப் பிறகும் திறக்க முடியாமல் இருந்தால் டாக்டரிடம் போங்கள். புகையை இழுத்து இருமினால் உடனே காற்றோட்டமான இடத்துக்குத் தூக்கிப் போங்கள். இருமல் நிற்காவிட்டாலோ மூச்சு இரைத்தாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஏரோசால் கேனைக் கார் டேஷ்போர்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்காதே என்று பெரும்பாலான கேன்களிலேயே எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய கார் அந்தச் சூட்டை வெகு சீக்கிரம் தாண்டிவிடும்.