மெத்தைக் குழி: ஃபோமை மாற்றுவதா, கட்டிலின் அடியைத் திருத்துவதா?

நடுவில் பள்ளம் விழுந்த மெத்தைக்கு நம் பக்கத்தில் மூன்று வழிகள் பேச்சில் வரும். புது ஃபோம் மெத்தை வாங்கிவிடலாம். இருக்கிற கட்டில் மேல் பிளைவுட் போட்டு அதன்மேல் பழைய மெத்தையையே விரிக்கலாம். அல்லது கட்டிலுக்கு அடியில் ரீப்பர் கூட்டி நடுக்கால் கொடுக்கலாம். எங்கள் கட்டிலுக்கு மூன்றாவதைத்தான் செய்தோம். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். ஆனால் எதைத் தேர்ந்தாலும், குழி மெத்தையில் இருக்கிறதா கட்டிலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தேர வேண்டும்.

பலர் செய்யும் சோதனை, மெத்தையின் தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடுவது. குழி கூடவே நகர்ந்தால் மெத்தையின் குற்றம், அதே இடத்தில் நின்றால் கட்டிலின் குற்றம் என்பது கணக்கு. தோள் பக்கமோ ஓரமோ அமுங்கியிருந்தால் இது சரியாக வேலை செய்யும். குழி நட்ட நடுவில் இருந்தால் ஏமாற்றிவிடும். நடு எப்படித் திருப்பினாலும் நடுதான். மெத்தை கெட்டிருந்தாலும் குழி அங்கேயே நிற்கும், கட்டில் மேல் வீண்பழி விழும்.

இதைவிட நம்பகமானது கயிறும் அளவுகோலும். விரிப்பை எடுத்துவிட்டு, யாரும் படுக்காமல் மூன்று நான்கு மணி நேரம் விட்ட மெத்தையின் குறுக்கே, இடுப்பு வரும் இடத்தில் ஒரு நூல் கயிற்றை விறைப்பாக இழுத்துப் பிடித்து, கயிற்றுக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ள ஆழத்தை அளக்க வேண்டும். பிறகு அதே மெத்தையைச் சிமெண்டுத் தரையில் போட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். தரையில் மிஞ்சும் ஆழம் ஃபோமுடையது. தரையில் காணாமல் போன ஆழம் கட்டிலுடையது.

இன்னொரு அளவும் வேண்டும். வெறுங்கட்டிலைப் பார்த்து ‘நேராகத்தானே இருக்கிறது’ என்று சொல்லிவிட முடியாது. பாரம் ஏறினால் மட்டும் தொய்கிற கட்டில்கள் உண்டு. மெத்தையைக் கட்டிலில் விரித்து, தரையிலிருந்து நடு ரீப்பரின் அடிப்பக்கம் வரை அளந்துகொண்டு, ஒருவரை நடுவில் உட்காரச் சொல்லி மறுபடி அளந்தால் உண்மை தெரிந்துவிடும். கால் அங்குலம் இறங்கினால் பெரிதாக எடுக்க வேண்டாம். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கினால் எந்தப் புது மெத்தையும் அங்கே நெடுநாள் நேராக நிற்காது.

ஒரு கட்டிலைக் கணக்காகவே பார்ப்போம். ஆறேகால் அடிக்கு ஐந்தடி, அதாவது 75 அங்குலத்துக்கு 60 அங்குல இரட்டைக் கட்டில், மேலே 5 அங்குல ஃபோம் மெத்தை. கட்டிலில் வைத்துக் கயிறு பிடித்தால் ஆழம் ஒன்றரை அங்குலம். தரையில் போட்டால் அரை அங்குலம். ஆக, ஃபோம் சாப்பிட்டது அரை அங்குலம்தான். மிச்சம் ஒரு அங்குலம் ரீப்பர்கள் நிரந்தரமாக வளைந்ததால் வந்தது. ஆள் உட்கார்ந்தால் நடு ரீப்பர் இன்னும் ஒன்றரை அங்குலம் இறங்குகிறது.

கீழே குனிந்து பார்த்தால் காரணம் தெரியும். 3 அங்குல அகலமும் முக்கால் அங்குலக் கனமும் உள்ள ரீப்பர்கள் ஏழே ஏழு. 75 அங்குல நீளத்தில் ஏழு ரீப்பர் 21 அங்குலத்தை மூடும். மீதி 54 அங்குலம் ஆறு சந்துகளாகப் பிரிகிறது, சந்து ஒன்றுக்கு 9 அங்குலம். அதோடு அந்த ரீப்பர்கள் ஐந்தடியை நடுவில் ஒரு தாங்கலும் இல்லாமல் தாண்டுகின்றன. இங்கே இரண்டு நோய்கள் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று சந்து, மற்றது தொய்வு. பிளைவுட்டையும் நடுக்காலையும் ஒப்பிடும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் எதையும் தீர்மானிக்க முடியாது.

புது மெத்தை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரையில் போட்டும் ஒரு அங்குலத்துக்கு மேல் பள்ளம் நின்றால் ஃபோம் தளர்ந்துவிட்டது என்று பொருள், மாற்றத்தான் வேண்டும். ஆனால் அடியைத் திருத்தாமல் மாற்றினால், புதியதும் அதே இடத்தில் தினமும் வளைந்து வளைந்து அங்கேயே தளரும். உத்தரவாத அட்டையின் பொடி எழுத்தையும் படித்துக்கொள்ளுங்கள். சரியான அடித்தளம் இல்லாத கட்டிலில் விழுந்த குழிக்குப் பொறுப்பில்லை என்று பல அட்டைகளில் இருக்கும்.

பிளைவுட் சந்து நோயைத் தீர்க்கும். ரீப்பர்கள் நேராக இருந்து, இடைவெளி மட்டும் அதிகமாக இருந்தால் 12 மில்லிமீட்டர் பலகை போதும். நாலடி அகலக் கட்டிலுக்கு இது லாபமும்கூட, ஏனென்றால் எட்டடிக்கு நாலடி ஷீட்டில் நீளத்தை மட்டும் வெட்டினால் முடிந்தது. ஐந்தடிக் கட்டிலுக்குக் கதை வேறு. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் ஒரு ஷீட்டே போதும் போலத் தோன்றும், ஆனால் பெரிய துண்டுகளாக வெட்டிப் பார்த்தால் சேராது. இரண்டு ஷீட் வாங்கி நிறைய வீணாக்க வேண்டி வரும். வாடகை வீட்டுக்காரர்களுக்கும், அடியில் பெட்டி உள்ள கட்டில் வைத்திருப்பவர்களுக்கும் நடுக்கால் கொடுக்க வழியில்லாவிட்டால் பிளைவுட்தான் கதி.

தொய்வு நோய்க்கு அது மருந்தல்ல. கீழே ரீப்பர் வளைந்தால் மேலே பலகையும் சேர்ந்து வளையும். முதல் சில மாதம் கெட்டியாகத் தெரியும், பிறகு பலகையும் தொட்டிலாகிவிடும்.

நடுக்கால் ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. நடுவில் பாரம் ஏறிய ஒரு கட்டை எவ்வளவு தொய்யும் என்பது அதன் நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. ஐந்தடியை இரண்டரை அடியாக்கினால் தொய்வு பாதியாவதில்லை, எட்டில் ஒரு பங்காகிவிடும். அதே பலனை ரீப்பரின் கனத்தைக் கூட்டிப் பெற வேண்டுமானால், முக்கால் அங்குலத்தை ஒன்றரை அங்குலமாக்க வேண்டும். மரச்செலவும் இரட்டிக்கும், கட்டிலின் எடையும் ஏறும்.

செய்முறை இதுதான். ரீப்பர்களை எல்லாம் கழற்றிவிட்டு, இரண்டு பக்கச் சட்டத்திலும் ரீப்பர் உட்காரும் தாங்கு கட்டைகளின் மேல்முகத்துக்கு நடுவே குறுக்காக நூல் கட்ட வேண்டும். 3 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலக் கட்டை ஒன்றைப் படுக்கையாக வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஓட்ட வேண்டும். அதன் மேல்முகம் நூலைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். தலைமாட்டிலிருந்தும் கால்மாட்டிலிருந்தும் 25 அங்குலத்தில் ஒவ்வொரு கால், மொத்தம் இரண்டு. கால் கொஞ்சம் உயரமாகிவிட்டால் நடுவில் முதுகு எழும்பும், கட்டிலே ஆடும். காலின் அடியில் திருகி ஏற்றி இறக்கும் போல்ட் வைத்தால் தரை மட்டக் குறையைச் சரிசெய்துகொள்ளலாம்.

வளைந்த ஏழு ரீப்பர்களையும் தூக்கி எறிய வேண்டாம். வயிறு மேலே வரும்படி புரட்டிப் போட்டு, நடுக்கட்டையோடு ஒரு ஸ்க்ரூவால் இழுத்து முடுக்கினால் நேராகிவிடும். விரிசல் விட்டதை மட்டும் மாற்றினால் போதும். சந்து ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு புது ரீப்பர் வைத்தால் 9 அங்குலம் இரண்டு 3 அங்குலச் சந்துகளாகிறது. ஆறு சந்துக்கு ஆறு ரீப்பர், மொத்தம் முப்பது அடி மரம், அவ்வளவுதான். ஃபோமுக்கு 3 அங்குலச் சந்தை மேல்வரம்பாக வைத்துக்கொள்ளலாம். மரம் காய்ந்ததா என்று பார்த்து வாங்குங்கள். சீமைக்கருவேலம் நம் ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கக் கிடக்கிறது, ஆனால் அதில் நேரான ஐந்தடிக் கட்டை எடுப்பது சாமானியமில்லை. நன்றாகக் காய்ந்த வேம்பு போதும்.

மதுரையில் இருப்பவருக்கு இதோடு நிறுத்திவிடலாம். பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு முடிவைத் தீர்மானிப்பது பராமரிப்புதான். உப்புக்காற்று முதலில் பிடிப்பது ஸ்க்ரூவை. சாதாரண இரும்பு ஸ்க்ரூ துருவேறி உப்பும்போது சுற்றியுள்ள மரத்தைக் கறுப்பாக்கி, துளையைப் பெரிதாக்கி, பிடியை விட்டுவிடும். கட்டில் தொய்ந்தது என்று நாம் நினைக்கும் சில இடங்களில் ரீப்பர் நேராகத்தான் இருக்கும், தாங்கு கட்டைதான் பக்கச் சட்டத்தை விட்டு இறங்கியிருக்கும். தாங்கு கட்டைக்கு மேலே பழைய நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால் அது இறங்கியதற்கு அடையாளம். மாற்றும்போது எவர்சில்வர் அல்லது பித்தளை ஸ்க்ரூ போட வேண்டும். பித்தளை மிருதுவானது, முன்துளை போடாமல் முடுக்கினால் தலை முறிந்துபோகும்.

அடுத்தது ஈரம். நமக்கு மழை என்றால் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழைதான். வாடைக் காற்று வீசும் அந்த மாதங்களில் வியர்வையும் காற்றின் ஈரமும் மெத்தையின் அடியில் தங்கும். ரீப்பர் கட்டிலில் அது சந்து வழியே போய்விடும். முழுப் பலகையில் போக வழி கிடையாது, மெத்தையின் அடித்துணியில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பூக்கும். ‘மரைன் பிளைவுட் வாங்கிவிட்டால் போதும்’ என்பது அரைகுறைத் தீர்வு. ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகையின் பசை நீரில் விடாது, அடுக்கு பிரியாது. ஆனால் மேலே தேங்கும் ஈரத்தை அது என்ன செய்யும்? பிளைவுட்தான் போடுவது என்றால் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக ஒரு அங்குலத் துளைகள் போட்டு, துளை விளிம்புகளுக்கும் வெட்டிய ஓரங்களுக்கும் வார்னிஷ் அடித்து, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வைக்க வேண்டும். இரண்டு ஆள் வேலை. வயதானவர்கள் மட்டும் உள்ள வீட்டில் அது நடக்காது. எனக்கு முடிவைச் சொன்னது இந்த ஒன்றுதான்.

இரும்புக் கட்டிலுக்கும் இதே சோதனைதான். பட்டை வளைந்திருந்தால் நடுவில் ஒரு குழாயைக் குறுக்கே வெல்டிங் வைத்துத் தாங்கலாம். ஆனால் வெல்டிங் சூட்டில் பெயின்ட் கருகிய இடத்தைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடிக்காமல் விட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

இதெல்லாம் ஃபோமுக்குச் சொன்னது. தேங்காய் நார் மெத்தை பெரிய சந்தில் நடுவே முறிந்திருந்தால் அடியைத் திருத்தியும் முறிவு சேராது. ஸ்பிரிங் மெத்தையைத் தரையில் போட்டு அளந்தால் கிடைப்பது பாதி விடைதான், பாரம் ஏறாதபோது தளர்ந்த ஸ்பிரிங்கும் நிமிர்ந்து நிற்கக்கூடும். இலவம்பஞ்சு மெத்தையில் குழி என்றால் பஞ்சு ஒதுங்கியிருக்கிறது, பிரித்து அடித்து வெயிலில் போட்டால் தீரும்.

நம் கணக்குக் கட்டிலில் ஃபோமின் அந்த அரை அங்குலம் அப்படியே இருக்கும், அது திரும்பாது. இருபக்கமும் படுக்கக்கூடிய மெத்தையானால் புரட்டிப் போடலாம். ஒருபக்க மெத்தையானால் குழி இடுப்புக்கு நேராக வராதபடி கொஞ்சம் மேலோ கீழோ நகர்ந்து படுத்துப் பார்க்கலாம். நடுக்காலின் போல்ட்டை ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு சுற்றுப் பாருங்கள், புது மரம் உட்கார்ந்து இளகியிருக்கும். வீட்டைத் துடைக்கும் தண்ணீர் காலில் ஏறாமலிருக்க அடியில் ஒரு பழைய டைல்ஸ் துண்டு வைத்துவிடுங்கள்.