நீர்க்கட்டி சொன்னதை எப்படி மேற்கோள் காட்டுவது?

கண்மாய்ப் பாசனம் பற்றி எழுதும் ஓர் ஆய்வு மாணவர், மடை திறக்கும் முறையை, வயல்களுக்கு நீர் திறந்துவிடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நீர்க்கட்டி ஒருவரிடம் கேட்டறிகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பேச்சை ஆய்வேட்டில் காட்ட மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, தனிப்பட்ட தொடர்பு. ஏபிஏ மேற்கோள் முறையின் 7ஆம் பதிப்பின்படி வரிக்குள்ளேயே (பெயர், தனிப்பட்ட தொடர்பு, 14 மார்ச் 2024) என்று போட்டால் போதும். வாசகரால் தேடி எடுக்க முடியாது என்பதால் துணைநூற் பட்டியலில் அது வராது. எம்எல்ஏ என்ற இன்னொரு மேற்கோள் முறையில் அதே நேர்காணல் பட்டியலிலும் இடம்பெறும். தொலைபேசியில் கேட்ட ஒரு விளக்கத்துக்கு இந்த வழி பொருந்தும். ஆய்வே அவர் சொன்னதன்மேல் நிற்கிறது என்றால் போதாது, யாராலும் சரிபார்க்க முடியாது.

இரண்டாவது, பெயர் மறைத்த பங்கேற்பாளர். இதைத் தனிப்பட்ட தொடர்பு என்று காட்டக்கூடாது என்று ஏபிஏ தெளிவாகவே சொல்கிறது. ‘ப-4’ போன்ற குறியீடு கொடுத்து, நேர்காணல் எப்படி நடந்தது என்பதை ஆய்வு முறை இயலில் விவரிக்க வேண்டும். பலர் கவனிக்காத சிக்கல் இங்கேதான். ஒரு கண்மாய்க்கு ஒரே நீர்க்கட்டி என்றால், ஊர்ப் பெயரை எழுதிவிட்டு ஆள் பெயரை மட்டும் மறைப்பதால் பயனில்லை. உள்ளூர்க்காரர் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார். ஊர், கண்மாய், அவர் வேலை பார்த்த ஆண்டுகள் எல்லாவற்றையும் மங்கலாக்க வேண்டும். குறியீட்டையும் பெயரையும் இணைக்கும் தாள், ஒலிப்பதிவோடு சேராமல் தனியே பூட்டில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆவணக் காப்பகத்தில் சேர்க்கும் வாய்மொழி வரலாறு. பெயர், நாள், இடம், பேட்டி கண்டவர், பதிவு எண், 00:23:10 போன்ற நேரக்குறி என எல்லாம் மேற்கோளில் வரும். அடுத்து வருபவர் அந்த நிமிடத்தைக் கேட்டே சரிபார்க்கலாம். தன் அறிவு தன் பெயரில் நிற்க வேண்டும் என்று அவரே விரும்பினால் நான் இதைத்தான் தேர்வேன். பெயரை மறைப்பது எப்போதுமே பாதுகாப்பு அல்ல, சில வேளை அது அவருக்குரிய உரிமையைப் பறிப்பதும் ஆகும்.

ஆனால் எந்த வழி என்பதை எழுதும்போது முடிவு செய்ய முடியாது, ஒப்புதல் கேட்கும்போதே அது தீர்மானமாகிவிடுகிறது. “பேசச் சம்மதமா?” என்ற ஒற்றைக் கேள்வி போதாது. பதிவு செய்யலாமா, சொன்னதை அப்படியே எழுதலாமா, பெயர் போடலாமா, காப்பகத்தில் வைக்கலாமா, எந்த நாள்வரை திரும்பப் பெறலாம் என்று தனித்தனியாகக் கேட்டு, பதிலையும் ஒலிப்பதிவிலேயே பிடிக்க வேண்டும். கைநாட்டு வைப்பவருக்கு, படிக்க முடியாத தாளைவிட அந்தக் குரல் நம்பகமான சான்று.

பேச்சுப் பாதியில் கண்மாய் ஆக்கிரமிப்பில் ஊர்க்காரர் பெயர் ஒன்று வந்தால், முழுப் பேட்டியையும் மறைக்க வேண்டாம். பேட்டி முடிந்ததும் அந்த நிமிடங்களைப் போட்டுக் காட்டி, அந்தப் பகுதியை மட்டும் மூடி வைக்கலாமா என்று நீர்க்கட்டியிடமே கேட்டுவிடலாம்.