ஏற்காட்டில் நியூட்ரல் அறுந்து ஃபிரிட்ஜ் எரிந்தால்: வாரண்டியா, இன்சூரன்ஸா?

கோடை மழைக் காற்றில் சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பத்து நியூட்ரல் கம்பி அறுந்தால், வெவ்வேறு ஃபேஸில் உள்ள வீடுகள் 400 வோல்ட்டுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். லோடு குறைவான வீட்டில் வோல்டேஜ் 300-ஐத் தாண்டி பல்பு கண்ணைக் கூசவைக்கும். லோடு அதிகமான பக்கத்து வீட்டில் பல்பு மங்கும். அப்படி ஒரு ராத்திரியில் இரண்டு வயது இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜின் கண்ட்ரோல் போர்டு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் எல்லாரும் கூப்பிடுவது கம்பெனியை. அட்டையில் '10 வருடம்' என்று இருந்தாலும் அது பெரும்பாலும் கம்ப்ரஸருக்கு மட்டும். போர்டுக்கு ஒரு வருடம்தான். ஒரு வருடத்துக்குள்ளேயே எரிந்தாலும், மெக்கானிக் ரிப்போர்ட்டில் 'ஹை வோல்டேஜ்' என்று எழுதினால் வாரண்டி கதை அங்கேயே முடிந்தது. அதை எழுதாதீர்கள் என்று அவரிடம் கெஞ்ச வேண்டாம். இன்சூரன்ஸுக்குப் போனால் அதே வரிதான் உங்களுக்குப் பெரிய சாட்சி.

இன்சூரன்ஸிலும் ஒரு குழி இருக்கிறது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருக ரக்ஷா வீட்டு பாலிசி மின்னலால் வரும் சேதத்தை ஏற்கும். ஆனால் ஷார்ட் சர்க்யூட், அதிக அழுத்தம், மின்கசிவு ஆகியவற்றால் மின்சாதனத்துக்கு வரும் சேதத்தை, காரணம் மின்னலாகவே இருந்தாலும், விலக்கிவிடுகிறது. விலக்கு எரிந்த அந்தச் சாதனத்துக்கு மட்டும்தான். அதிலிருந்து தீ பரவி அலமாரி கருகினால் அலமாரிக்குப் பணம் உண்டு. ஃபிரிட்ஜுக்குக் கிடைக்க வேண்டுமென்றால் மின், இயந்திரப் பழுதுக்கான கூடுதல் கவர் தனியாக எடுத்திருக்க வேண்டும். அதிலும் வயதுக்கேற்ற தேய்மானமும் நாம் ஏற்க வேண்டிய தொகையும் கழியலாம். பில் சிறியதென்றால் கையில் வருவது சொற்பம்தான். ஆகவே அந்தக் கவர் இருந்தால் இன்சூரன்ஸ், இல்லாவிட்டால் கடையில் வாங்கிய நீட்டிப்பு வாரண்டியில் வோல்டேஜ் சேதம் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. நான் கேட்கும் வரிசை இதுதான்.

எந்த வழியானாலும் ஆதாரம் அன்றைக்கே சேர்ந்தாக வேண்டும். மெயினை அணைத்ததும் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) பேசிப் புகார் எண் வாங்குங்கள். 'கரண்ட் இல்லை' என்று மட்டும் சொன்னால் அப்படித்தான் பதிவாகும். 'வோல்டேஜ் ஏறி சாமான் எரிந்தது' என்று சொல்லுங்கள். லைன்மேன் வந்து கட்டுவதற்கு முன் அறுந்த கம்பியைத் தூரத்திலிருந்தே படமெடுங்கள். அதே கம்பத்தில் வேறு யார் வீட்டில் என்ன போனது என்று எழுதி அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பிறகு போர்டு. மின்சாரம் நுழையும் இடத்தில் அதிக வோல்டேஜிலிருந்து போர்டைக் காக்கும் பொத்தான் போன்ற வேரிஸ்டர் வெடித்து, சுற்றிலும் கரி படிந்து, பக்கத்து ஃபியூஸ் கருத்திருந்தால் வெளியிலிருந்து ஏறிய வோல்டேஜ் என்று வாதாட இடம் உண்டு. வேரிஸ்டர் முழுசாக இருந்து உள்ளே ஒரு சிப் மட்டும் செத்திருந்தால் வாதம் பலவீனம். மெக்கானிக் திறக்கும்போதே கிட்டத்தில் படமெடுத்து, சீரியல் நம்பர் தெரிய இன்னொன்றும் எடுங்கள்.

புது போர்டு போட்டதும் பழையதை மெக்கானிக் எடுத்துக்கொண்டு போவது வழக்கம். இன்சூரன்ஸ் சர்வேயர் பார்த்து முடிக்கும்வரை அதைக் கவரில் போட்டு வீட்டிலேயே வையுங்கள்.