ஸ்பிதிக்கு முழுப் பயண டிரைவரா, காசாவில் எடுக்கும் வண்டியா, கைடா?

ஹிமாசலத்தில் சிம்லாவில் ஏறி, கின்னௌர் மாவட்டம் வழியாக ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குள் போய், குன்சும் கணவாயைத் தாண்டி மணாலியில் இறங்குவது இப்போது நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் போடும் திட்டம். கூகுள் மேப்பில் பார்த்தால் சிம்லாவிலிருந்து ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா 400 கிலோமீட்டர் சொச்சம், காசாவிலிருந்து மணாலி 200-க்குள். மதுரை போய்த் திரும்புவது போலத் தெரியும். ஆனால் இந்த இரண்டாவது பகுதிக்கு முழுப் பகல் வேண்டும், அதுவும் சாலை திறந்திருந்தால். ஆகவே வண்டி யாருடையது, ஓட்டுபவர் எந்த ஊர்க்காரர் என்பதைத் தங்கும் அறைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஒரு கணக்குக்கு ஒன்பது நாள் பயணம் என்று வைத்துக்கொள்வோம். சராஹன், சாங்லா, கல்பா, நாகோ வழியாகத் தாபோ. அங்கிருந்து டங்கரைப் பார்த்துவிட்டுக் காசா. ஒரு நாள் கீ, கிப்பர், லாங்சா, ஹிக்கிம், கோமிக். ஒரு நாள் பின் என்ற பள்ளத்தாக்கு. ஒரு இரவு சந்திரதால் ஏரிப் பக்கம். கடைசி நாள் மணாலி. மாதம் செப்டம்பர். மழை குறைந்து வரும், குன்சும் திறந்திருக்கும்.

முதல் வழி, சிம்லாவிலோ சண்டிகரிலோ வண்டி பிடித்து ஒன்பது நாளும் அதே டிரைவரோடு போவது. சென்னை ஏஜென்ட்கள் விற்கும் பேக்கேஜ்களில் பெரும்பாலானவை இதுதான். இதன் பெரிய லாபம், வழியில் நினைத்த இடத்தில் நிற்கலாம். கின்னௌரில் அது சின்ன விஷயமில்லை. சட்லஜ் பள்ளத்தாக்கை விட்டு ஏறி நாகோ வந்ததும் மரங்கள் மறைந்து நிலம் வெறும் மண்ணும் பாறையுமாக மாறும் அந்தச் சில மணி நேரம்தான் பலருக்குப் பயணத்திலேயே பிடித்த பகுதி. பஸ்ஸில் போனால் அதை ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை இல்லை, வயதானவர்கள் கூட இருந்தால் மனதுக்குத் தெம்பு. மொத்தப் பயணத்துக்கும் ஒரே ஆளிடம் பணம் பேசிவிடலாம்.

ஆனால் 'மலை டிரைவர்' என்று ஏஜென்ட் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சிம்லா, குலு சாலைகளில் இருபது வருடம் ஓட்டியவர்கூட, குன்சுமுக்கு முந்தைய கடைசி ஊரான லோசரைத் தாண்டி ஒருமுறையும் போகாதவராக இருக்கலாம். லோசர், குன்சும், பாத்தல், சத்ரு, கிராம்ஃபு என்று போகும் அந்தத் துண்டில் பல இடங்களில் சாலை என்று ஒன்று கிடையாது. பனியாறு கொண்டுவந்து போட்ட கல்லின் மேல், ஓடும் தண்ணீருக்குள் இறங்கி ஏற வேண்டும். இந்த ஓடைகளை அங்கே நாலா என்பார்கள். காலையில் கணுக்காலளவு ஓடும் நாலா, வெயில் ஏறப் பனி உருகி, பிற்பகலில் டயரை மூடும். வழி தெரிந்த டிரைவர் இதற்காகவே விடியும்போது கிளம்புவார். பாத்தல் தாபாவில் எதிர்த் திசையிலிருந்து வந்தவரிடம் தண்ணீர் எப்படி என்று கேட்பார், முன்னால் போன வண்டி எந்தக் கல்லில் ஏறியது என்று பார்த்துவிட்டுத்தான் இறங்குவார்.

இதை வைத்தே போனில் ஆளை எடை போடலாம். "சந்திரதாலிலிருந்து மணாலிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் பையா?" என்று கேளுங்கள். "எப்ப வேணும்னாலும், நீங்க சொல்ற நேரத்துக்கு" என்று வந்தால் அவர் அந்த வழியில் போனதில்லை, அல்லது உங்களைத் திருப்திப்படுத்தப் பார்க்கிறார். காலை ஆறு, ஏழு மணி என்று சொல்லிவிட்டுக் காரணமும் சொன்னால் மேலே பேசலாம். அடுத்து வண்டி எதுவென்று கேளுங்கள். தரையிலிருந்து உயரம் குறைந்த செடான் கார் கல்பா வரை சுகமாகப் போகும். குன்சும் பக்கம் அதன் அடிப்பகுதி கல்லில் இடிக்கும்.

சமவெளியிலிருந்து வரும் டிரைவரிடம் இன்னொரு சிக்கல் உண்டு. காசா ஏறக்குறைய 3,700 மீட்டர், சந்திரதால் 4,300 மீட்டர் உயரம். உயர நோய் பயணிக்கு மட்டும் வருவதில்லை. தலைவலியும் வாந்தியுமாக டிரைவர் படுத்துவிட்டால் வண்டி இருந்தும் பயனில்லை.

பேக்கேஜில் தகராறு வருவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். 'காசா, மூன்று இரவு' என்று எழுதியிருக்கும். பின் பள்ளத்தாக்குக்கும், பிரதான சாலையிலிருந்து மேலே ஏறும் டங்கருக்கும், பாத்தல் பக்கம் பிரிந்து 14 கிலோமீட்டர் உள்ளே போகும் சந்திரதாலுக்கும் போவது அதில் அடங்குமா என்று எழுதியிருக்காது. அங்கே போனபின் டிரைவர் "ரூட்ல இல்ல சார்" என்பார். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை, டீசல் அவர் கணக்கு. அட்வான்ஸ் அனுப்புமுன் ஊர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாட்ஸ்அப்பில் எழுதி 'ஓகே' வாங்கிவிடுங்கள். பேட்டா, டிரைவர் தங்கும் இடம், நிலச்சரிவில் சாலை மூடி ஒரு நாள் கூடினால் அதற்கு என்ன வாடகை என்பதும் அதே செய்தியில் இருக்கட்டும். இந்தி சரளமாக வராத நம்மவர்களுக்கு எழுத்தில் இருப்பது இரட்டிப்பு நல்லது.

இரண்டாவது வழி, பயணத்தைக் காசாவில் வெட்டுவது. சிம்லாவிலிருந்து கின்னௌரின் தலைமையூரான ரெகாங் பியோ வரை ஹிமாசல அரசு பஸ். அதன் பக்கத்திலுள்ள கல்பாவில் ஒன்றிரண்டு நாள் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு, பியோவிலிருந்து காலையில் புறப்படும் காசா பஸ்ஸில் தாபோவில் இறங்கிக்கொள்ளலாம், அல்லது நேரே காசா போகலாம். இந்தப் பஸ் டிரைவர்களைவிட அந்தச் சாலையை அறிந்தவர்களை நீங்கள் வாடகைக்குப் பிடிக்கவே முடியாது. அப்புறம் காசா டாக்ஸி யூனியனிலோ, தங்கும் வீட்டுக்காரர் மூலமாகவோ உள்ளூர் வண்டி. மேல் கிராமங்கள், பின் பள்ளத்தாக்கு, சந்திரதால், மணாலி என்று நான்கு நாளுக்குப் பேசிக்கொள்வது.

பணத்தைப் பார்ப்போம். வாடகை சீசனுக்குச் சீசன் மாறும், கணக்குக்காக நாளுக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். முழுப் பயண வண்டிக்கு ஒன்பது நாளும், மணாலியிலிருந்து காலியாகத் திரும்பும் ஒரு நாளும் சேர்த்து 50,000. காசா வண்டிக்கு நான்கு நாளும் திரும்பும் ஒரு நாளும், 25,000. பஸ்ஸுக்கு ஆளுக்கு ஆயிரம் என்று தாராளமாகவே போடுவோம். நான்கு பேர் என்றால் தலைக்கு 12,500-க்கு எதிராக 7,250. இரண்டு பேர் என்றால் 25,000-க்கு எதிராக 13,500. சீசனில் மணாலியிலிருந்து காசா வர ஆட்கள் காத்திருப்பார்கள் என்பதால், அந்தத் திரும்பும் நாள் வாடகையில் பேரம் பேச இடமுண்டு.

இழப்பும் இருக்கிறது. சராஹனும் சாங்லாவும் கிட்டத்தட்டக் கைவிட்டுப் போகும், நாகோவில் இறங்கினால் அடுத்த பஸ் வரை அங்கேதான். பியோ-காசா பஸ் பயணம் பத்து மணி நேரத்துக்கும் மேல் உடம்பை ஆட்டி எடுத்துவிடும். முழங்கால் வலி இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

ஆனால் காசா டிரைவரோடு கிடைப்பது வெறும் வண்டி அல்ல. லாங்சாவில் எந்த வீட்டில் இன்று சமைக்கிறார்கள், கோமிக் மடத்தில் இன்று பூஜை உண்டா, குன்சும் பக்கம் நேற்று எந்த வண்டி மாட்டியது என்பதெல்லாம் அவருக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துவிடும். ஆக்சில் உடைந்தால் மாற்று வண்டிக்கு அவருடைய மச்சான் இருப்பார். சண்டிகர்க்காரருக்கு அங்கே யாரும் இல்லை.

எந்த வழியானாலும் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். வாடகை வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை சொந்த வண்டியைக் குறைந்த விலைக்கு ஓட்டித் தருபவர்கள் உண்டு. விபத்து என்று வந்தால் காப்பீட்டில் சிக்கல் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

தானே ஓட்டுவது? வாடகைக் கார் எடுத்து முதல் முறையாக மலையில் ஓட்டுபவர் இந்தச் சுற்றை விட்டுவிடலாம். இமயமலையில் பழகியவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர: காசாவில் டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகு மணாலி வரை பங்க் கிடையாது.

இனி கைடு. ஏஜென்ட் 'டிரைவர் பிளஸ் கைடு' என்று ஒன்பது நாளுக்கும் சேர்த்துச் சொன்னால் கைடை எடுத்துவிடச் சொல்லுங்கள். வண்டியில் ஒரு சீட் போகும், பெரும்பாலான நாளில் அவருக்கு வேலை இருக்காது. 996-இல் கட்டப்பட்ட தாபோ மடத்தின் சுவர் ஓவியங்களைக் காட்ட அங்கேயே துறவிகள் இருக்கிறார்கள். உள்ளே படமெடுக்கக் கூடாது, வெளிச்சமும் குறைவு, ஒரு டார்ச் இருந்தால் கைடைவிட உதவும். டங்கர் ஏரிக்கு ஏறும் பாதையும் தெளிவானது.

கைடு இல்லாமல் போகவே கூடாத இடங்கள் வேறு. கோமிக்கிலிருந்து டெமுல் என்று கிராமத்துக்குக் கிராமம் நடப்பதாக இருந்தால் அந்த ஊர் ஆள் ஒருவர் கூட வர வேண்டும். மேய்ச்சல் தடங்கள் பத்துத் திசையில் பிரியும், பனிமூட்டம் இறங்கினால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். பின்-பாபா போன்ற கணவாய் நடைக்குக் கைடு, சமையல்காரர், சுமைக்குக் கழுதை என்று ஒரு குழுவே தேவை. பிப்ரவரி, மார்ச்சில் கிப்பர் பக்கம் பனிச்சிறுத்தை பார்க்கப் போகிறவர்கள் முழுப் பணத்தையும் அந்த ஊர் வழிகாட்டிகளை நம்பித்தான் செலவழிக்கிறார்கள். காலையில் எழுந்து டெலஸ்கோப்பில் பாறை பாறையாகத் தேடுவது அவர்கள். நாம் ஒரு வாரம் உற்றுப் பார்த்தாலும் அங்கே கல்லுக்கும் சிறுத்தைக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த மாதங்களில் குன்சும் மூடியிருக்கும், போவதும் வருவதும் கின்னௌர் வழிதான். ஆகவே சங்கிலி கட்டிப் பனியில் ஓட்டத் தெரிந்த கின்னௌர் அல்லது ஸ்பிதி டிரைவர் தவிர வேறு யாரையும் எடுக்கக் கூடாது.

கனடா, பிரிட்டன் பாஸ்போர்ட்டில் வரும் நம் உறவினர்கள் கூட இருந்தால் கணக்கு சற்று மாறும். கின்னௌரின் மேல் பகுதியைக் கடக்க வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியர்களுக்குத் தேவையில்லை. ரெகாங் பியோவில் வாங்கலாம், அரசு விடுமுறை நாளில் போய் நின்றால் ஒரு நாள் போய்விடும். இதை வழக்கமாகச் செய்யும் கின்னௌர் டிரைவர் இருந்தால் அலைச்சல் குறையும். அப்படியான குடும்பத்துக்கு முழுப் பயண வண்டியே சரி. ஆனால் சிம்லாக்காரராக இல்லாமல், பியோவிலிருந்து கிளம்பும் வண்டியாகப் பிடித்தால் இரண்டு வழியின் நன்மையும் ஓரளவு கிடைக்கும்.

மற்றபடி, கால் திடமாக இருக்கும் இரண்டு மூன்று பேர் என்றால் நான் பஸ்ஸும் காசா வண்டியும்தான் சொல்வேன். நான்கு பேரும் பெற்றோருமாக இருந்தால் முழுப் பயண வண்டி. டிரைவர் லோசரைத் தாண்டியவரா என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள், அதற்காக நாளுக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.