எண்ணெய் டிரம்மை விரிக்க: Smart UV Project-ஆ, கையால் வைத்த சீமா?

60 செ.மீ. விட்டம், 90 செ.மீ. உயரமுள்ள டிரம். டெக்ஸ்சர் பதிக்க அதன் மேற்பரப்பைப் பிளெண்டரில் தட்டையாக விரிக்க இரண்டு வழி. எதை எடுத்தாலும் முதலில் Ctrl+A அழுத்தி Scale-ஐ அப்ளை செய்துவிடுங்கள். இல்லையென்றால் செக்கர் கட்டங்கள் செவ்வகமாகிவிடும், பழி, விரிப்பதற்காக வெட்டும் கோடான சீம் மேல் விழும்.

Smart UV Project ஒரே கிளிக்கில் முடிந்துவிடும். ஆனால் அது வளைவை விரிப்பதில்லை. பக்கச்சுவரைச் சில பட்டைகளாக வெட்டி ஒவ்வொன்றையும் நேராகப் பார்த்தபடி தட்டையாகப் பதிக்கிறது. 30 டிகிரி சாய்ந்த முகத்துக்கு 87 சதவீத அகலம்தான் கிடைக்கும். அங்கே டெக்ஸ்சர் இழுபடும். தூரத்தில் நிற்கும் பொருளுக்கு இது போதும்.

என் ஓட்டு கையால் வைக்கும் சீமுக்கே. பின்பக்கம் மேலிருந்து கீழாக ஒரு சீம், மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒவ்வொரு வளையம், அவ்வளவுதான். Unwrap கொடுத்தால் சுவர் ஒரே செவ்வகமாகிவிடும். மீட்டருக்கு 1024 பிக்சல் வைத்தால் அது சுமார் 1930 × 920. 2048 டெக்ஸ்சரில் படுக்கையாக உட்காரும். அதன் கீழே 614 பிக்சல் விட்டத்தில் இரண்டு மூடிகள், பக்கத்தில் மிஞ்சும் இடத்தில் குமிழ், பிடி எல்லாம்.

யோசிக்க வேண்டியது விளிம்பின் 2 செ.மீ. சரிவை எதோடு ஒட்டுவது என்பதுதான். சுவரோடு ஒட்டினால், 188 செ.மீ. நீளப் பட்டை மேலே 176-ஆகக் குறுக வேண்டும். அதைச் செவ்வகமாக நிமிர்த்தினால் ஏழு சதவீதம் இழுபடும். மூடியோடு ஒட்டினால் மூன்று சதவீதம்தான். ஆகவே சீம் சரிவின் வெளி ஓரத்தில்.

இதையெல்லாம்விட முடிவைத் தீர்மானிப்பது விரித்த துண்டுகளான ஐலண்டுகளின் எண்ணிக்கை. நார்மல் மேப்பை Bake செய்யும்போது ஒவ்வொரு ஐலண்டையும் சுற்றி எட்டு பிக்சலாவது இடைவெளி வேண்டும். குறைத்தால் தூரப் பார்வைக்கான சிறிய பிரதிகளான மிப்மேப்பில் பக்கத்து நிறம் கசிந்து சீம் கோடாகத் தெரியும். 20 × 20 பிக்சல் துண்டு 400 பிக்சல்தான், இடைவெளியோடு 36 × 36, அதாவது 1296. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வீண்! தானியங்கி வழி இப்படிப்பட்ட துண்டுகளைத் தாராளமாகப் போடும். கை சீமில் டிரம்மின் உடல் மொத்தமே மூன்று துண்டு.

ஷார்ப் செய்த விளிம்பு எல்லாவற்றிலும் சீம் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் Bake செய்யும்போது கறை விழும். சீம் உள்ள இடமெல்லாம் ஷார்ப்பாக இருக்கத் தேவையில்லை. டிரம்மின் பின்பக்கக் கோட்டை ஸ்மூத்தாகவே விடுங்கள்.

பூலியன் வெட்டுகள் நிறைந்த மாடலில் கை சீம் அவ்வளவு நேரத்துக்குத் தகுமா என்பது மெஷ்ஷைப் பொறுத்தது. அங்கே தானியங்கியில் தொடங்கி, தேவையற்ற சீம்களை Clear Seam-ஆல் நீக்கி, மறுபடி Unwrap கொடுப்பது நடுவழி. அதற்கு முன் UV எடிட்டரில் Seams From Islands கொடுக்க மறக்காதீர்கள். Smart UV Project தானாகச் சீம் குறிப்பதில்லை.